ஆடியில் கேட்ட பன்னிரண்டு லட்சம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோயில் பக்கம் போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. அன்றுதான் எங்கள் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு மாதக் கடிதம் எழுதுவேன். பெருமாள் எங்கும் போய்விட மாட்டார். பங்குதாரர்கள் போய்விடக்கூடும்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரியமங்கலத்தில் வாடகைக்கு ஒரு பட்டறை, மூன்று ஃபிட்டர்கள், லால்குடிக்காரரான என் கூட்டாளி, நான். அவ்வளவுதான். டிராக்டரில் கட்டி இழுத்துப் போகிற நெல் உலர்த்தும் இயந்திரம் செய்கிறோம். அறுத்த நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். விவசாயி அதைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வயலுக்கே எங்கள் இயந்திரம் போகும். டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை. கூட்டாளிக்கு இயந்திரம், எனக்குக் கணக்கு. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன், சண்டை போடும்போது இருவரும் சார், மேடம் ஆகிவிடுவோம்.

எங்களைத் தவிரப் பங்குதாரர்கள் பன்னிரண்டு பேர். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று போட்டவர்கள். என் பள்ளித் தோழி, கூட்டாளியின் தாய்மாமன், எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டு மாமி, மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கும் ஒருவர், இப்படி. யாரும் பணத்தில் புரள்கிறவர்கள் இல்லை. மாமி பள்ளிக்கூட அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது வந்த பணத்தில் ஒரு பகுதியை எங்களிடம் போட்டிருந்தார். மாடிப்படியில் அவரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பணம் ஞாபகம் வரும். அதனால்தான் மாதக் கடிதத்தை ஒருமுறைகூட நான் தவறவிட்டதில்லை.

கடிதம் ஒரே பக்கம். நான்கு தலைப்பு. இந்த மாதம் செய்தது, கணக்கு, பின்னடைவு, உங்களிடம் கேட்பது. கணக்கில் வரவு, செலவு, வங்கியில் இருப்பு, இந்த இருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பதும் இருக்கும். கேட்பது என்பது எப்போதும் பணம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த மில்காரர் யாராவது உண்டா, குறைந்த வாடகையில் ஒரு கொட்டகை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறேன். அனுப்பிய அரைமணி நேரத்தில் வாட்ஸப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வரும். கூட்டாளியின் மாமா ஒரு தாமரைப் பூ போடுவார். படித்தாரா என்று கேட்கக்கூடாது. கீழ்வீட்டு மாமி மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார்.

பின்னடைவு என்ற தலைப்பு என் கூட்டாளிக்குப் பிடிக்காது. "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளைக்கு சுகர் இருக்குன்னு போடுவாங்களாக்கா?" என்பார். போட்டால் நல்லது என்பது என் கட்சி.

கோடை அறுவடை முடிந்த கையோடு அவரிடமிருந்து ஒரு போன் வந்தது. மண்ணச்சநல்லூர் மில்காரர் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எங்கள் இயந்திரத்தில் காய்ந்த நெல்லை அவர் பச்சரிசிக்கு அரைத்தபோது நொய் அதிகமாக வந்திருக்கிறது. முழு அரிசிக்கு ஒரு விலை, உடைந்த நொய்க்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

"எவ்வளவு அதிகம்?" என்றேன்.

"நூறு கிலோ நெல்லுக்கு ஆறு கிலோ இருக்கும்னாரு. பெருசா கோபப்படலைக்கா. பக்குவமாத்தான் சொன்னாரு."

"ஏன் உடையுது?"

சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அறுவடை நெருக்கத்தில் வயலுக்கு வயல் ஆட்கள் காத்திருந்தார்கள். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று எங்கள் ஆட்கள் காற்றின் சூட்டைக் கூட்டி வைத்திருந்தார்கள். நெல்லின் வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றுபோனால் அரிசியில் மயிரிழை போல விரிசல் விழும். மில் உருளையில் பட்டதும் உடைந்துவிடும். புழுங்கலுக்குப் போகிற நெல்லாக இருந்தால் ஊறி வேகும்போது அந்த விரிசல் கூடிவிடும், யாருக்கும் தெரியாது. பச்சரிசிக்குப் போனதால் குட்டு வெளிப்பட்டது.

"அதனால என்ன பண்ணலாம்னா," என்றார், "நம்ம நெல்லைப் பச்சரிசிக்கு எடுக்காதீங்கன்னு சொல்லிட்டா போச்சு."

எனக்குக் கோபம் உடனே வரும். உடனே போகவும் போகும், ஆனால் வந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பாவம். "விவசாயி நெல்லுல பச்சரிசி புழுங்கல்னு முத்திரை குத்தியா விக்கிறாரு சார்?" என்று கேட்டேன். சார் என்றதும் அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நானே சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி மண்ணச்சநல்லூர் போனேன். கடிதத்தில் ஓர் எண்ணைப் போடுவதென்றால் அதை என் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இது எனக்கு ஒரு வியாதி. மில்காரர் ஊரில் இல்லை. அவருடைய மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அதே வயலின் நெல் இரண்டு விதமாக அங்கே இருந்தது: வெயிலில் காய்ந்தது ஒரு குவியல், எங்கள் இயந்திரத்தில் காய்ந்தது ஒரு குவியல். இரண்டிலும் சம எடை எடுத்துத் தனித்தனியாக அரைத்து, முழு அரிசியையும் நொய்யையும் பிரித்துத் தரச் சொன்னேன். தவிட்டுத் தூசி முகமெல்லாம் படிய, தராசுப் பக்கத்திலேயே நின்றேன். கணக்குப் போட்டால் நூறு கிலோ நெல்லுக்கு எட்டு கிலோ முழு அரிசி கூடுதலாக நொய்யாகிப் போயிருந்தது. ஆறு இல்லை, எட்டு. மேலாளர் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அது ஆறும்வரை நான் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிசெய்ய வழி இருந்தது. சூட்டைக் குறைத்து, அதைத் தானாகவே கட்டுப்படுத்தும் கருவி வைக்க வேண்டும். நெல்லைக் கொஞ்சம் காயவைத்து, ஒரு தொட்டியில் இளைப்பாறவிட்டு, மறுபடி காயவைக்க வேண்டும். அந்தத் தொட்டி எங்கள் இயந்திரத்தில் இல்லை. மூன்று இயந்திரங்களுக்கும் சேர்த்து ஏழரை லட்சம் ஆகும் என்றார் கூட்டாளி. ஒரு நடை நெல் காய நான்கு மணி நேரம் ஆனது இனி ஏழு மணி ஆகும். அதாவது வாடகை வரவும் குறையும். வங்கியில் இருந்தது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். சம்பளம், வாடகை, மற்றவை சேர்த்து மாதச் செலவு ஒன்றே முக்கால் லட்சம். இரண்டு மாதம்கூட முழுசாகத் தாங்காது. குறுவை அறுவடை தொடங்கிப் பணம் வரும்வரை ஓட்டுவதற்கு இன்னொரு நாலரை லட்சம். ஆக, கேட்க வேண்டியது பன்னிரண்டு லட்சம். கிடைக்காவிட்டால் குறுவைக்கு முன்னாலேயே பட்டறையைப் பூட்ட வேண்டும்.

அதை யாரிடம் கேட்பது? வெளியாட்களிடம் போய்ப் பங்கு வாங்குங்கள் என்று எங்களைப் போன்ற தனியார் கம்பெனி விளம்பரம் செய்ய முடியாது. இருக்கிற பங்குதாரர்களுக்கே, அவரவர் வைத்திருக்கும் அளவுக்கு ஏற்ப, புதுப் பங்குகள் தருகிறோம் என்று கடிதம் கொடுத்து, குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டச் சொல்லலாம். வேண்டாம் என்பவர் தன் உரிமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். பங்கில் பெரும்பகுதி எங்கள் இருவரிடம்தான். ஆனால் எங்களால் திரட்ட முடிந்தது மூன்று லட்சம். மீதிக்கான உரிமையை மற்ற பன்னிரண்டு பேருக்கு விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுத்தோம். அவர்களிடமிருந்து வரவேண்டியது ஒன்பது லட்சம்.

பணம் கேட்கிற கடிதத்தில் நொய் விஷயத்தை எழுதுவதா என்பதுதான் சண்டை. பட்டறையில், கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டே நடந்தது.

"எழுதுங்க, வேணாங்கலை. பணம் வந்ததுக்கு அப்புறம் எழுதுங்க," என்றார் கூட்டாளி.

"பணம் வாங்கிட்டு அப்புறம் சொன்னா அதுக்கு வேற பேரு தம்பி."

"எட்டுன்னு போடாதீங்க, அவரே ஆறுன்னுதானே சொன்னாரு. கொஞ்சம் உடைசல் இருக்கு, சரிபண்றோம்னு போடலாமே."

"நான் எட்டைப் பார்த்தேன்."

அவர் கையிலிருந்த ஸ்பானரை மேசை மேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. "இந்த மூணு பேருக்கும் ரெண்டு மாசம் கழிச்சு சம்பளம் நீங்கதான் குடுக்கணும்," என்றார், ஃபிட்டர்கள் பக்கம் திரும்பாமல். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல். மூவரில் ஒருவர் வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் பட்டறையை நம்பித்தான் நல்ல வேலை ஒன்றை விட்டு வந்தவர் அவர்.

கடிதம் எழுதுவது என் வேலை என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தோம். எழுதினேன். பின்னடைவு என்ற தலைப்பின் கீழ்: நம் இயந்திரத்தில் காய்ந்த நெல் பச்சரிசிக்கு அரைக்கும்போது நூறு கிலோவுக்கு எட்டு கிலோ கூடுதலாக உடைகிறது, காரணம் நாம் வைத்த சூடு, குறை இயந்திரத்தில்தான், விவசாயியிடமோ மில்லிலோ இல்லை. திருத்தினால் ஒரு நடைக்கு ஏழு மணி நேரம் ஆகும், வரவு குறையும். கேட்பது: பன்னிரண்டு லட்சம், இன்ன செலவுக்கு இவ்வளவு. பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதினேன். எந்த மில் என்று எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

கும்பிடும் கைகள் வரவில்லை. மாமாவின் தாமரைகூட வரவில்லை. பன்னிரண்டு பேரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. நாள் முழுக்கக் குழு ஊமையாகக் கிடந்தது. மறுநாள் யாரோ ஒருவர் "பார்த்தேன்" என்று மட்டும் போட்டார். கூட்டாளி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் அவர் கெட்டிக்காரர், அதற்குப் பதில் நான்கு திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முறையான பங்குக் கடிதங்கள் ஆனி மாதக் கடைசி வாரத்தில் போயின. அதிலும் கூட்டாளி பிடிவாதம் பிடித்தார். ஆடி பிறந்துவிட்டால் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், ஆனியிலேயே திறந்துவிட வேண்டும் என்று நின்றார். எனக்கு நாள் கிழமை பார்ப்பதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஏற்கெனவே ஒரு சண்டை போட்டிருந்ததால் இதை விட்டுக்கொடுத்தேன். ஆடிட்டரைக் கேட்டு, ஆனிக் கடைசியில் திறந்து ஆடி மூன்றாம் வாரத்தில் மூடுவதாகத் தேதி வைத்தோம். அவரவர் சொந்தக் கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும், பங்கு ஒதுக்கீடு முடியும்வரை அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது என்று ஆடிட்டர் இரண்டு தடவை சொன்னார். வந்தால்தானே எடுப்பதற்கு.

நாங்கள் இருவரும் எங்கள் மூன்று லட்சத்தைக் கட்டினோம். பெங்களூரில் இருக்கும் என் பள்ளித் தோழி ஐம்பதாயிரம் போட்டாள். பிறகு ஒன்றுமில்லை. ஆடி பிறந்தது. அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள் தொடங்கின. ஜவுளிக்கடைகள் தள்ளுபடி, தள்ளுபடி என்று என் போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் வங்கியிலிருந்து என்று நினைத்து எடுத்துப் பார்த்து, பட்டுப்புடவையைப் பார்த்து ஏமாந்தேன். மாடிப்படியில் மாமி வழக்கம்போல, "சாப்டாச்சா?" என்று கேட்டார். நானும் ஆச்சு மாமி என்று சொல்லி வேகமாக இறங்கினேன். பணம் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவர் பணத்தை நான் கரைத்துவிட்டேனோ என்று பயம். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பதில் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்த எட்டை எழுதியிருக்க வேண்டாமோ என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். தினமும் நினைத்தேன்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதுவே மாதத்தின் முதல் ஞாயிறும்கூட. வெளியீடு மூட இன்னும் நாலு நாள்தான் இருந்ததால், முந்தின நாள் சாயங்காலமே கடிதத்தை எழுதி வைத்தேன். கேட்டது பன்னிரண்டு லட்சம், வந்தது மூன்றரை லட்சம். மூன்று இயந்திரத்தில் ஒன்றை மட்டும் திருத்துவோம், ஒன்றை விற்கிறோம், பட்டறையில் இருவரை நிறுத்த வேண்டியிருக்கும். இருவர் என்று எழுதிவிட்டு, எந்த இருவர் என்று யோசிக்கத் தைரியமில்லாமல் கணினியை மூடினேன். கூட்டாளிக்கு அனுப்பினேன். "பார்த்தேன்" என்று பதில் வந்தது. அவருமா.

காலையில் கதவைத் தட்டினார் மாமி. கையில் கூடை, கூடையில் மஞ்சள், காதோலை, கருகமணி, சித்ரான்னம்.

"வா, அம்மா மண்டபம் போய்ட்டு வந்துடலாம். காவேரி ரெண்டு கரையும் தொட்டுண்டு போறா. நீ என்னமோ வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறே."

கடிதம் அனுப்ப வேண்டும் என்றேன். வந்து அனுப்பலாம் என்றார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அம்மா மண்டபத்தில் தலைகள்தான் தெரிந்தன. புதுத்தாலி மாற்றிக்கொள்ளும் பெண்கள், முளைப்பாரி, அவர்களுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி புருஷன்மார்கள். மாமி தண்ணீரில் காதோலை கருகமணியை விட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். கட்டி முடித்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த பர்ஸைத் திறந்து போனை எடுத்தார்.

"இரு, உன் பணத்தை அனுப்பிடறேன். என் பையன் சொல்லிக் குடுத்திருக்கான். அவசரப்பட்டா தப்பாப் போயிடும்."

எனக்குப் புரியவில்லை. "இப்பவா மாமி?"

"பின்னே? ஆடியிலே யாராவது கையை விட்டுப் பணத்தைப் புதுசா வெளியே எடுப்பாளா? பதினெட்டுக்குப் போடலாம்னு அன்னிக்கே வெச்சுட்டேனே. இன்னிக்குத் தொட்டது பெருகும். இதை உனக்கு வேற தனியாச் சொல்லணுமா? ஸ்ரீரங்கத்துல எத்தனை வருஷமா இருக்கே?"

இருபது வருஷமாக இருக்கிறேன். நாங்கள் கெட்டிக்காரத்தனமாகப் பங்கு வெளியீட்டைத் திறக்கிற நாளை ஆனியில் வைத்தோம். எங்கள் பங்குதாரர்களோ பணம் கையை விட்டுப் போகிற நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் ஆடியைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தவர் என் கூட்டாளி. அவருக்கும் இது தோன்றவில்லை.

"நொய் விஷயம் படிச்சீங்களா மாமி?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன். அன்னிக்கு ராத்திரி பாஸ்புக்கை எடுத்து வெச்சுண்டு உக்காந்துட்டேன், நெஜம். அப்புறம் யோசிச்சேன். இதைச் சொல்றவா, நாளைக்குப் பணம் கரைஞ்சாலும் சொல்லிடுவா. போறும்."

அதற்குள் என் போன் அதிர்ந்தது. பட்டுப்புடவை இல்லை. ஐம்பதாயிரம். கூட்டாளியின் மாமா. அடுத்தது ஒரு லட்சம். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, கையில் அதிர்வது மட்டும் தெரிந்தது. படித்துறையில் நின்றுகொண்டே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஒரு பெண், காவேரியைப் பார்த்து உருகுகிறேன் என்று நினைத்து எனக்கும் வழிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மண்ணச்சநல்லூர் மில்காரர் கூப்பிட்டார். அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. எல்லாம் கூட்டாளி மூலமாகத்தான்.

"அம்மா, பணம் போட்டுட்டேன், வந்துச்சான்னு பாருங்க. இன்னிக்குப் பதினெட்டாச்சே, அதான். மத்தவங்க யாராவது முடியலைன்னு விட்டா, அதையும் நான் எடுத்துக்கறேன்."

நன்றி சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். நான் உங்க தம்பிகிட்ட ஆறு கிலோன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க. நான் மில்லுக்கு வந்து எடை போட்டுப் பார்த்தேன். எட்டு வந்துச்சு."

"எட்டுதான்மா. எனக்கு அன்னிக்கே தெரியும். சின்னப்பையன், நல்லா உழைக்கிறான், முகத்துக்கு நேரா எட்டுன்னு சொல்ல வாய் கூசிடுச்சு. நீங்க ஆறுன்னு எழுதியிருந்தாக்கூட நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். எழுதுறீங்களா இல்லையான்னே பார்த்துட்டு இருந்தேன். நீங்க எட்டுன்னு எழுதிட்டீங்க. அடுத்த வருஷம் என் மில்லுக்கு வர்ற நெல்லு பூரா உங்க மிஷின்ல காய வைக்கலாம். முதல்ல சரிபண்ணிக் காட்டுங்க."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தபோதுதான் நகர்ந்தேன்.

மத்தியானத்துக்குள் பத்துப் பேர் போட்டிருந்தார்கள். மாமியின் பணம் அவருடைய கணவர் கணக்கிலிருந்து வந்திருந்தது. பையன் சொல்லிக்கொடுத்த லட்சணம். ஆடிட்டர் சொன்னதை நினைத்துத் தலையில் கைவைத்துக்கொண்டேன். திருப்பி அனுப்பிவிட்டு, மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொந்தக் கணக்கிலிருந்து மறுபடி போட வைத்தேன். "பெருக்குல போட்டது திரும்பி வந்துடுத்தே, நல்ல சகுனம்தான்," என்று சிரித்தார் அவர். ஒரே ஒருவர், கூட்டாளியின் கல்லூரி நண்பர், இந்த முறை முடியவில்லை என்று மரியாதையாக எழுதி, தன் உரிமையை மில்காரருக்கு விட்டுக்கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கடன் இருக்கிறவர்.

சாயங்காலம் கடிதத்தைத் திறந்தேன். விற்கிறோம், நிறுத்துகிறோம் என்ற வரிகளை அழித்தேன். அழிப்பதில் இவ்வளவு சந்தோஷம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டது பன்னிரண்டு லட்சம், வந்தது பன்னிரண்டு லட்சம், வெளியீடு மூடியதும் ஒதுக்கீடு முடிந்து பங்குச் சான்றிதழ் வரும் என்று எழுதினேன். பின்னடைவு என்ற தலைப்பின் கீழ் இந்த மாதம் எழுத எதுவும் இல்லை. அப்படியே விட மனசில்லாமல் கூட்டாளியைக் கூப்பிட்டேன். பட்டறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பதினெட்டாம் பெருக்கு. பழைய இரும்பில் ஒரு தொட்டி அடித்து, தனியாக ஒரு நடை நெல்லை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் வந்ததை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மில்காரர் சொன்னதையும் சொல்லியிருந்தேன்.

"கடிதம் ரெடி தம்பி," என்றேன். "அனுப்பிடலாமா? பின்னடைவு இந்தத் தடவை காலி. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்."

"அனுப்பாதீங்க, இருங்க." பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம். அதை நிறுத்தினார். "நேத்து ஓட்டின நடையை அரைச்சுப் பார்த்தேன், நூறு கிலோவுக்கு ரெண்டு கிலோதான் கூடுதலா உடையுது இப்ப. ஆனா ஏழு மணி நேரம்னு போன மாசம் சொன்னேன்ல. ஒன்பதரை ஆகுது."

"ஏழரைன்னு போடட்டுமா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"ஒன்பதரைன்னே போடுங்கக்கா. நான் நின்னு பார்த்தேன்."